ஞாயிறு மேட்ச்சும் மினிட்ஸ் நோட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு டாஸ். ஏழு மணிக்கே கிட் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்ட இளைஞரிடம் கேப்டன் சொல்கிறார்: "தம்பி, உனக்கு ரெண்டு மாசச் சந்தா பாக்கி இருக்கு. இன்னைக்கு உன்னை இறக்க முடியாது." அவருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. "என்னண்ணே இது, போன மாசமே செகரட்டரி அண்ணன் நம்பருக்கு ஜிபே பண்ணிட்டேனே!"

கூடி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இரண்டு மாதம் பாக்கி என்றால் இறக்கக் கூடாது என்று கமிட்டியில் முடிவானதாக ஒருவர். இல்லை, மூன்று மாதம் என்று இன்னொருவர். அது அடுத்த சீசனில் இருந்துதான் என்று மூன்றாமவர். மூவருமே அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் மூன்று யோசனைகளும் பேசப்பட்டன. எது முடிவானது என்று எழுதிவைக்க மட்டும் ஆளில்லை.

நம் ஊர்களில் விளையாட்டுக் கிளப் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். வேலை முடிந்து வந்து, ராத்திரி எட்டு மணிக்கு டீக்கடைப் பக்கத்திலோ யாராவது ஒருவர் வீட்டு மாடியிலோ கூடிப் பேசுகிறவர்கள். அவர்களிடம் மினிட்ஸ் எழுதச் சொன்னால் அரசு அலுவலகச் சமாச்சாரம் என்று ஒதுங்குவார்கள். ஆனால் கிளப்பில் வரும் சண்டைகளில் பெரும்பகுதி மூன்றே விஷயங்களில் முளைக்கிறது: யாருக்கு எப்போது மேட்ச், யார் எவ்வளவு பணம் தர வேண்டும், புகார் வந்தால் யார் தீர்ப்பது. மூன்றையும் மூன்று விதமாக எழுத வேண்டும். ஒரு கிரிக்கெட் கிளப்பை உதாரணமாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

நாற்பது உறுப்பினர்கள், ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழு. துணைவிதிப்படி கோரம் நான்கு பேர். கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்திருக்கிறார்கள். குறிப்பின் தலைப்பில் தேதி, தொடங்கிய நேரம், இடம், வந்தவர்கள் பெயர், வர முடியாது என்று முன்கூட்டியே சொன்னவர்கள் பெயர், கோரம் இருந்தது என்ற ஒரு வரி. அடுத்து, போன கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டது என்ற வரி. இதைச் சடங்காக நினைத்துப் பலர் தாண்டிப் போகிறார்கள். போன தடவை தவறாக எழுதப்பட்டிருந்தால் திருத்துவதற்கு இருக்கிற ஒரே வாசல் இதுதான். இந்த இடத்தில் யாரும் மறுக்காமல் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டால், "அன்றைக்கு அப்படி முடிவாகவில்லை" என்று ஆறு மாதம் கழித்துச் சொல்வது எளிதல்ல.

முதலில் ஃபிக்ஸ்ச்சர். கிளப் ஆறு அணிகளை வைத்து ஒரு உள்ளூர் லீக் நடத்துகிறது. ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளோடும் ஒருமுறை ஆட வேண்டும் என்றால் மொத்தம் 15 மேட்ச். இருப்பது ஒரே மைதானம். ஞாயிறுதோறும் காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று, 20 ஓவர் ஆட்டம். ஆக எட்டு ஞாயிறு தேவை. எட்டாவது ஞாயிறு மதியம் ஓர் ஆட்டத்துக்கான இடம் காலியாக இருக்கும். அட்டவணை போடுவதற்கு ஒரு பழைய முறை உண்டு. முதல் அணியை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்திவிட்டு, மற்ற ஐந்து அணிகளையும் சுற்றுக்குச் சுற்று ஓரிடம் நகர்த்தினால் ஐந்து சுற்றில் எல்லோரும் எல்லோரையும் சந்தித்துவிடுவார்கள். ஒரு சுற்றுக்கு மூன்று மேட்ச், ஒரு ஞாயிற்றுக்கு இரண்டே மேட்ச் என்பதால் ஒரு சுற்றின் கடைசி ஆட்டமும் அடுத்த சுற்றின் ஓர் ஆட்டமும் ஒரே நாளில் வரும். அந்த இரண்டிலும் ஒரே அணி வந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த அட்டவணையை ஒருவர் அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். கூட்டத்தில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது அதற்காக அல்ல. மழை வந்தால் என்ன செய்வது? ஓர் அணி வராவிட்டால்? பொங்கலை ஒட்டிய ஞாயிற்றில் பாதிப் பேர் சொந்த ஊரில் இருப்பார்களே, அன்றைக்கு மேட்ச் வைப்பதா? மார்ச்சில் பரீட்சை, மாணவர்கள் அதிகமுள்ள அணி என்ன செய்யும்? குழு முடிவெடுக்க வேண்டியவை இவை. குறிப்பில் ஏற வேண்டியவையும் இவைதான். அட்டவணையைத் தனித்தாளாக இணைத்துவிட்டு, நோட்டில் இப்படி எழுதலாம்:

"லீக் அட்டவணை (இணைப்பு 1) ஏற்கப்பட்டது. பொங்கலை ஒட்டிய ஞாயிறு விடுமுறை. மழையால் ஆட்டம் நின்று, இரு அணிகளும் குறைந்தது ஐந்து ஓவராவது ஆட முடியாமல் போனால், அந்த மேட்ச் எட்டாவது ஞாயிறு மதியத்துக்கு மாற்றப்படும். இரண்டாவது முறை மழை வந்தால் புள்ளிகள் சமமாகப் பிரிக்கப்படும். டாஸ் நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் ஏழு ஆட்டக்காரர்களாவது வராத அணிக்கு எதிராக வாக்கோவர் தரப்படும். தேதி மாற்றம் கேட்கும் அணி, அதற்கு முந்தைய ஞாயிறு மாலைக்குள் போட்டிச் செயலாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். அம்பயர்களுக்கும் மைதானப் பொறுப்பாளருக்கும் அட்டவணையை அனுப்புவது: போட்டிச் செயலாளர், வரும் வெள்ளிக்குள்."

கடைசி வரியைக் கவனியுங்கள். செய்ய வேண்டிய வேலை, செய்ய வேண்டிய ஆள், முடிக்க வேண்டிய நாள் மூன்றும் அதில் இருக்கின்றன. "அம்பயர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது" என்று எழுதினால், சொல்ல வேண்டியது யார் என்று யாருக்கும் தெரியாது. ஞாயிறு காலை அம்பயர் இல்லாமல் இரண்டு அணிகள் நிற்கும். அதேபோல் மழை விதியில் "ஐந்து ஓவர்" என்று எண் வந்ததால்தான் அது விதி. "போதுமான ஓவர்கள்" என்று எழுதியிருந்தால், நான்கு ஓவர் போட்டு ஜெயிக்கும் நிலையில் இருக்கிற அணிக்கு அதுவே போதுமானதாகத் தெரியும். தோற்கும் அணிக்குப் பத்து ஓவரும் போதாது.

அடுத்தது பணம். இங்கே பல கிளப்களின் நோட்டில் ஒரு வரிதான் இருக்கிறது: "பொருளாளர் கணக்கு வாசித்தார், ஏற்கப்பட்டது." அந்த வரியை வைத்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. போன கூட்டத்தின்போது கையிருப்பு எவ்வளவு, அதன் பிறகு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, இன்றைக்கு வங்கியிலும் கையிலும் எவ்வளவு, சந்தா பாக்கி மொத்தம் எவ்வளவு, எத்தனை பேரிடம். இந்த எண்கள் வேண்டும். பாக்கிக்காரர்களின் பெயர்ப் பட்டியல் நோட்டில் வேண்டாம் என்பது என் கருத்து. அது பொருளாளரிடம் இருக்கட்டும். குறிப்பு உறுப்பினர் எல்லோருக்கும் போகிறது. வேலை போனதால் இரண்டு மாதம் கட்ட முடியாமல் இருப்பவர் தன் பெயரை வாட்ஸ்அப் குழுவில் பார்த்தால் மறுபடி மைதானத்துப் பக்கம் வர மாட்டார்.

கட்டணத்தைக் கூட்டும்போது, ஏன் கூட்டினோம் என்ற கணக்கும் நோட்டில் இருக்க வேண்டும். நம் உதாரணக் கிளப்பின் லீக்குக்கு அணிக்கு 3,000 ரூபாய் நுழைவுக் கட்டணம். ஆறு அணிக்கு 18,000. செலவைப் பார்ப்போம். ஒரு மேட்ச்சுக்கு இரண்டு அம்பயர், தலைக்கு 500 ரூபாய். 15 மேட்ச்சுக்கு 15,000. ஸ்கோரருக்கு மேட்ச்சுக்கு 300 வீதம் 4,500. இன்னிங்ஸுக்கு ஒரு புதுப் பந்து, 30 பந்து, ஒன்று 350 ரூபாய் என்றால் 10,500. மொத்தம் 30,000. துண்டு விழுவது 12,000 ரூபாய். அதைக் கிளப் நிதியில் இருந்து போடுவதா, அணிகளிடம் கேட்பதா என்று ஒரு மணி நேரம் பேச்சு நடக்கும். சூடாகவே நடக்கும். நோட்டில் அந்தப் பேச்சு தேவையில்லை. இவ்வளவு போதும்:

"லீக் செலவு மதிப்பீடு ரூ. 30,000; தற்போதைய நுழைவுக் கட்டண வரவு ரூ. 18,000; பற்றாக்குறை ரூ. 12,000. அணி நுழைவுக் கட்டணம் ரூ. 4,000 ஆக உயர்த்தப்படுகிறது. மீதி ரூ. 6,000 கிளப் பொதுநிதியில் இருந்து எடுக்கப்படும். முன்மொழிந்தவர் பொருளாளர், வழிமொழிந்தவர் துணைத் தலைவர். ஆதரவு 4, எதிர்ப்பு 1. கட்டணம் முதல் மேட்ச்சுக்குப் பத்து நாள் முன்பாகக் கிளப் வங்கிக் கணக்கில் கட்டப்பட வேண்டும்."

அடுத்த வருடம் புதிதாகப் பொறுப்புக்கு வரும் பொருளாளர் இந்த ஐந்து வரியைப் படித்தால், பந்து விலை ஏறும்போது எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்வார். "கட்டணம் 4,000 ஆக உயர்த்தப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும்; அல்லது யாரோ லாபம் பார்க்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பும்.

இங்கே இன்னொன்றைச் சரிபார்க்க வேண்டும். உறுப்பினர் சந்தாவை மாற்றும் அதிகாரம் யாருக்கு? சில கிளப்களின் துணைவிதி அதை நிர்வாகக் குழுவிடம் விட்டிருக்கும். சிலவற்றில் பொதுக்குழு கூடித்தான் மாற்ற முடியும். பொதுக்குழுவுக்கு உரியதை நிர்வாகக் குழு முடிவு செய்து எழுதிவைத்தால், எவ்வளவு அழகாக எழுதினாலும் அது செல்லாது. அப்படிப்பட்ட இடத்தில் "பொதுக்குழுவுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது" என்பதே சரியான சொல். கூட்டத்துக்குத் துணைவிதிப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு போவது எல்லா வாதத்தையும் விட வேகமாக வேலை செய்யும்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைத் தகராறுக்கு வருவோம். நிறுத்தப்பட்ட ஆட்டக்காரர் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார். இதை நோட்டில் எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் பணம் போனது செயலாளரின் சொந்த கைபேசி எண்ணுக்கு. மினிட்ஸ் எழுதுகிறவரும் செயலாளர்தான். தன்னைப் பற்றிய புகாரைத் தானே எழுதுவது முறையாகாது. எனவே முதலில் எழுத வேண்டியது: "இப்பொருளில் செயலாளர் ஒரு தரப்பாக இருப்பதால் இரவு 9.10-க்கு அறையை விட்டு வெளியேறினார். இப்பொருளுக்குக் குறிப்பெழுதப் போட்டிச் செயலாளர் நியமிக்கப்பட்டார். மீதி நால்வர், கோரம் உள்ளது."

அந்தக் கடைசி நான்கு வார்த்தைகள் முக்கியம். ஐந்து பேரில் ஒருவர் வெளியேறினால் நால்வர், கோரம் சரியாக நிற்கிறது. கேப்டனும் குழு உறுப்பினராக இருந்திருந்தால் அவரும் வெளியேற வேண்டியிருக்கும், மிஞ்சுவது மூவர். பல துணைவிதிகள் இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வது என்று சொல்வதே இல்லை. அப்போது அந்தப் பொருளை மட்டும் ஒத்திவைத்து, வராத இருவரையும் வரவழைத்து வேறொரு நாளில் கூடுவதுதான் பாதுகாப்பான வழி. மூன்று பேர் கொடுத்த தீர்ப்பைத் தோற்ற தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும்.

பிறகு விசாரணை. சாதாரணமாக நோட்டில் வருவது இப்படி இருக்கும்: "செயலாளர் பணத்தை வாங்கிக்கொண்டு கணக்கில் காட்டவில்லை என்று உறுப்பினர் கூச்சலிட்டார். கேப்டன் அவரை மரியாதை இல்லாமல் பேசினார். நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் சமாதானம் ஆனது." இதில் முடிவு எங்கே? பணம் கட்டப்பட்டதா இல்லையா? அவர் அடுத்த ஞாயிறு ஆடலாமா? ஒன்றும் தெரியாது. தெரிவதெல்லாம் ஒருவர் மீது பண மோசடிக் குற்றச்சாட்டு விழுந்தது மட்டும்தான். அதுவும் கையெழுத்தோடு, காலத்துக்கும் நிற்கும்படி. இதே விஷயத்தை இப்படி எழுதலாம்:

"உறுப்பினர் எண் 23 எழுத்தில் கொடுத்த புகார் பெறப்பட்டது. உறுப்பினர், கேப்டன், செயலாளர் மூவரும் தனித்தனியாகக் கேட்கப்பட்டனர். இரண்டு மாதச் சந்தா ரூ. 400, கடந்த மாதம் 12-ஆம் தேதி செயலாளரின் கைபேசி எண்ணுக்கு அனுப்பப்பட்டதை உறுப்பினர் காட்டிய பரிவர்த்தனைப் பதிவிலிருந்து குழு உறுதி செய்தது. அத்தொகை கிளப் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை. உறுப்பினருக்குச் சந்தா பாக்கி இல்லை எனவும், அவரை ஆட விடாமல் நிறுத்தியது கணக்கில் வரவு விடுபட்டதால் நேர்ந்தது எனவும் குழு முடிவு செய்தது. கேப்டன் தமக்குக் கொடுக்கப்பட்ட பட்டியலின்படியே நடந்தார். மேட்ச் முடிவில் மாற்றம் இல்லை. செயலாளர் ரூ. 400-ஐ மூன்று நாளுக்குள் கிளப் கணக்கில் செலுத்துவார். இனி சந்தா கிளப் வங்கிக் கணக்குக்கு மட்டுமே. பொருளாளர் மூன்று நாளுக்குள் ரசீது தருவார். இரண்டு மாதம் பாக்கி உள்ளவரை அணியில் எடுப்பதில்லை என்ற விதி உடனே அமலுக்கு வருகிறது. நிறுத்துவதற்கு ஏழு நாள் முன்பு உறுப்பினருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முடிவில் திருப்தி இல்லாதவர் 15 நாளுக்குள் பொதுக்குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். 9.40-க்குச் செயலாளர் மீண்டும் கூட்டத்தில் கலந்துகொண்டார்."

இதில் யாரும் கூச்சலிடவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. நடந்திருக்கும்; நோட்டுக்குத் தேவையில்லை. அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் கூட்டம் நடத்தும் முறை பற்றி 1876-இல் வெளியிட்ட கையேடு இன்றைக்கும் உலகமெங்கும் பல சங்கங்களில் புழங்குகிறது. கூட்டத்தில் என்ன செய்யப்பட்டது என்பதை எழுது, யார் என்ன பேசினார் என்பதை எழுதாதே என்பது அதன் முறை. கிளப் தகராறுக்கு அதைவிடப் பொருத்தமான ஆலோசனை இல்லை. கட்டிய பணம், தேதி, காட்டிய ஆதாரம், குழுவின் முடிவு, காரணம், மேல்முறையீட்டு வழி. இவை இருந்தால் புகார் சொன்னவருக்கும் நியாயம், சொல்லப்பட்டவருக்கும் நியாயம். புகாரில் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பையனோ பெண்ணோ சம்பந்தப்பட்டிருந்தால், எல்லோருக்கும் போகும் பிரதியில் பெயர் வரவே கூடாது.

பெயருக்குப் பதில் உறுப்பினர் எண் போட்டதற்கும் காரணம் இருக்கிறது. சிறிய கிளப்பில் யார் என்று எல்லோருக்கும் தெரியும், உண்மைதான். ஆனால் ஐந்து வருடம் கழித்துப் புதிதாக வருகிறவர் நோட்டைப் புரட்டும்போது அவருக்குத் தேவை அந்த விதி பிறந்த காரணம்தான். அந்த ஆளின் பெயர் அல்ல.

எழுதிய குறிப்பை ஒரு வாரத்துக்குள் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு அனுப்பிவிட வேண்டும், நினைவு ஆறுவதற்குள். திருத்தம் இருந்தால் செயலாளரிடம் சொல்லலாம். ஏற்பதும் மறுப்பதும் அடுத்த கூட்டத்தில்தான். வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் விவாதம் மினிட்ஸ் ஆகாது. நூறு குட்மார்னிங்குக்கு நடுவில் ஒரு தீர்மானத்தைத் தேடி எடுக்க முடியாது, போன் மாறினால் அதுவும் போச்சு. பக்க எண் அச்சடித்த, தைத்த நோட்டுதான் நல்லது. நடுவில் வெற்றுப் பக்கம் விடக் கூடாது. தவறு நேர்ந்தால் வெள்ளை மை பூசாமல் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். கணினியில் தட்டச்சு செய்து ஒட்டினால், ஒட்டிய தாளின் ஓரத்திலும் நோட்டுப் பக்கத்திலும் சேர்ந்து விழும்படி கையெழுத்துப் போட வேண்டும்.

உங்கள் கிளப் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு செய்யப்பட்டது என்றால் இது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. அந்தச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையோரோ, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்களோ கேட்டால், சங்கத்தின் நடவடிக்கைகள் பற்றிப் பதிவாளர் விசாரணை நடத்தலாம். நம் உதாரணக் கிளப்பில் நாற்பது பேர். பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டால் போதும். சந்தாத் தகராறு ஒன்று ஊர்ப் பிரிவினையாக மாறிய கிளப்பில் பதினான்கு கையெழுத்து ஒரே சாயங்காலத்தில் சேர்ந்துவிடும். அன்றைக்கு நிர்வாகிகள் எடுத்துக் காட்ட வேண்டியது கணக்குப் புத்தகமும் இந்த நோட்டும்தான்.

இந்த வாரம் உங்கள் கிளப்பின் கடைசி மினிட்ஸை எடுத்து, அந்தக் கூட்டத்துக்கு வராத ஓர் உறுப்பினர் கையில் கொடுங்கள். தன் அணியின் அடுத்த மேட்ச் மழையில் நின்றால் என்ன ஆகும், தான் எந்தத் தேதிக்குள் எவ்வளவு பணம் எந்தக் கணக்கில் கட்ட வேண்டும், போன கூட்டத்துக்கு வந்த புகார் என்ன ஆயிற்று என்று அவரிடம் கேளுங்கள். யாருக்கும் போன் போடாமல் அவரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், அடுத்த கூட்டத்துக்கு முன்பே உட்கார்ந்து அந்தக் குறிப்பைத் திருத்தி எழுதி, கூட்டத்தில் வாசித்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.